வீட்டு பிசியில் ஓடும் கேமை கூடத்து டிவியிலும் கையடக்கக் கருவியிலும் விளையாடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீடு. தெருவிலிருந்து கொல்லை வரை நீண்டு போகும் பழைய வீடு: திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையலறை, கொல்லை. பிசி மாடியில் என் அறையில் இருக்கிறது, டிவி கீழே கூடத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை அடிச் சுவர்கள். மாடியில் ஓடும் கேமைக் கூடத்தில் உட்கார்ந்து விளையாட நான் எடுத்த முயற்சிகளைக் கேள்விப்பட்டு, தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று பல ஊர் நண்பர்கள் கேட்டவை இவை. பெரும்பாலான கேள்விகள் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: வீட்டுக்குள் இருக்கும் வைஃபை.

எங்க வீட்டு நெட் பிளான் 40 மெகாபிட்தான். அது போதுமாண்ணே?

பிளானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. படம் உங்கள் பிசியிலிருந்து கிளம்பி, ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து டிவிக்கு வருகிறது. தெருவில் இருக்கும் ஃபைபரை அது தொடுவதே இல்லை. புயல் காற்றில் மரம் சாய்ந்து ஃபைபர் அறுந்து கிடந்த நாட்களில்கூட நான் விளையாடியிருக்கிறேன். ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும்.

பார்க்க வேண்டியது வீட்டுக்குள் இருக்கும் பாதையை. அதிலும் வேகத்தைவிடச் சீர்தான் முக்கியம். யூடியூப் பார்க்கும்போது டிவி பல விநாடிக்கான படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது, அதனால் நடுவில் வைஃபை அரை விநாடி தடுமாறினாலும் தெரியாது. கேமில் அப்படி வாங்கி வைக்க வழியில்லை. நீங்கள் இனிமேல் அமுக்கப்போகும் பட்டனைப் பொறுத்துத்தான் அடுத்த படமே உருவாகிறது. விநாடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொன்றும் 16.7 மில்லிநொடிக்குள் வந்து சேர்ந்தாக வேண்டும். “யூடியூப் 4கே நல்லா ஓடுது, இது மட்டும் ஏன் திக்குது” என்பதற்கு இதுதான் பதில்.

என்னென்ன போட்டுக்கணும்?

படத்தை அனுப்பப் பிசியில் சன்ஷைன் என்ற செயலி, அதை வாங்கிக் காட்ட டிவியில் மூன்லைட் என்ற செயலி. இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த மூலம். ஆண்ட்ராய்டு டிவி என்றால் மூன்லைட்டைப் பிளே ஸ்டோரிலேயே எடுக்கலாம். சன்ஷைனைப் போட்ட பிறகு பிசியின் உலாவியில் இந்த முகவரியைத் திறக்க வேண்டும்:

```
https://localhost:47990
```

சான்றிதழ் நம்பகமானது இல்லை என்று உலாவி எச்சரிக்கும். அது உங்கள் பிசியே தனக்குப் போட்டுக்கொண்ட சான்றிதழ்தான், தைரியமாக உள்ளே போகலாம். பயனர் பெயர், கடவுச்சொல் வைத்துவிட்டு, டிவியில் மூன்லைட்டைத் திறந்தால் பிசியின் பெயர் தெரியும். அதை அமுக்கினால் நாலு இலக்க எண் ஒன்று வரும், அதைச் சன்ஷைன் பக்கத்தில் கொடுத்தால் ஜோடி சேர்ந்துவிடும்.

கேமெல்லாம் ஸ்டீமில்தான் இருக்கிறது என்றால் ஸ்டீம் லிங்க் செயலியும் இதே வேலையைச் செய்யும், அமைப்பதும் சுலபம். நான் மூன்லைட்டில் நின்றதற்குக் காரணம், எங்கே கோளாறு என்று திரையிலேயே தெளிவாகக் காட்டுவது. கீழே சொல்வதெல்லாம் எதைப் பயன்படுத்தினாலும் பொருந்தும்.

என் கிராபிக்ஸ் கார்டு பழசு. தாங்குமா?

கேமை ஓட்டுவது ஒரு வேலை, ஓடும் படத்தை அந்த நொடியே வீடியோவாகச் சுருக்குவது இன்னொரு வேலை. இரண்டாவதற்குக் கார்டுக்குள்ளேயே தனிப் பகுதி உண்டு. அது இருந்தால் கேமின் வேகம் பெரிதாகக் குறையாது. பத்து வருடத்துக்கு முந்தைய கார்டுகள் பலவற்றில்கூட அது இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பக்கம் நிறைய விற்ற ஜிடி 1030-ல் அது கிடையாது. ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் கிடையாது. அவற்றில் சுருக்கும் வேலை பிராசசர் தலையில் விழும், கேம் திணறும். செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் நல்லாத்தான் வருது. ஆனா நாலஞ்சு நொடிக்கு ஒரு தடவை திக்குது, கட்டம் கட்டமா உடையுது. என்ன பண்றது?

இதுதான் எல்லோருக்கும் வரும் நோய். எனக்கும் முதல் வாரம் முழுக்க இதேதான். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஃபைபர் வீட்டுக்குள் நுழைவது ரேழியில், ரவுட்டரும் அங்கேதான். மாடி பிசி வைஃபையில், கூடத்து டிவியும் வைஃபையில். மூன்லைட்டில் 1080, விநாடிக்கு 60 படம், 30 மெகாபிட் என்று வைத்திருந்தேன். மூன்லைட் அமைப்பில் புள்ளிவிவரத்தைத் திரையில் காட்டச் சொல்லும் தேர்வு ஒன்று உண்டு. அதைப் போட்டால் மூலையில் சில வரிகள் ஓடும். அவற்றில் `Frames dropped by your network connection` என்ற வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் டிவியில் அது 2 சதவீதத்துக்கும் 5 சதவீதத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. அதே சமயம் `Average decoding time` 6 மில்லிநொடிக்குள் நின்றது. அதாவது டிவி வந்த படத்தை ஒழுங்காகத்தான் விரிக்கிறது, படம்தான் ஒழுங்காக வந்து சேரவில்லை.

30 மெகாபிட்டை 60 படத்துக்குப் பிரித்தால் ஒரு படத்துக்குச் சுமார் 62 கிலோபைட். அது பாக்கெட் எனப்படும் சின்னத் துண்டுகளாக உடைந்து, ஏறக்குறைய 45 பாக்கெட்டாகக் கிளம்புகிறது. வழியில் சில தொலைந்தால் ஈடுகட்ட, அந்த 45-ல் ஏழெட்டு பாக்கெட்டுகள் உபரியாகவே சேர்க்கப்படுகின்றன. ஆக ஒரு படத்தில் ஏழெட்டு தொலைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வைஃபையில் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் தொலைவதில்லை, கொத்தாகத் தொலைகின்றன. ஒரே படத்தில் இருபது போய்விட்டால் அந்தப் படம் போச்சு. அதற்குப் பிறகு வருபவை எல்லாம் “முந்தின படத்திலிருந்து இவ்வளவு மாறியது” என்று மட்டும் சொல்பவை. முந்தினதே இல்லாததால் டிவி முழுப் படம் ஒன்றைக் கேட்கிறது. முழுப் படம் பெரியது, அதை அனுப்பும்போது காற்றில் இன்னும் நெரிசல். அந்தத் தடுமாற்றம்தான் நமக்குத் திக்கலாகவும் கட்டமாகவும் தெரிகிறது.

சரி, ஏன் தொலைகிறது? என் வீட்டில் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு தடவை பறந்தது. மாடியிலிருந்து ரேழிக்கு ஒரு தடவை, ரேழியிலிருந்து கூடத்துக்கு ஒரு தடவை, இரண்டும் ஒரே சேனலில். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பிசி பேசும்போது ரவுட்டர் டிவியிடம் பேசக் காத்திருக்க வேண்டும். நடுவில் அம்மாவின் போன் வீடியோ பார்த்தால் அதற்கும் இடம் விட வேண்டும். 30 மெகாபிட் என்று நான் வைத்தது காற்றில் 60 ஆகிவிட்டது, அதுவும் சுவர்களைத் தாண்டி.

கேபிள் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. 25 மீட்டர் கேபிள் வாங்கி, மாடிப்படி ஓரமாக இறக்கி, பிசியை மட்டும் ரவுட்டரோடு இணைத்தேன். டிவி அப்படியே வைஃபையில். அன்று சாயங்காலமே அந்த வரி 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. காசு செலவழிக்கிறதாக இருந்தால் முதல் ரூபாய் இதற்குத்தான் போக வேண்டும்: பிசிக்குக் கேபிள். புது ரவுட்டர், பெரிய ஆன்டெனா எல்லாம் அப்புறம்.

ஊகமா இல்லாம, எங்க வீட்டுல இழப்பு எவ்வளவுன்னு அளக்க முடியுமா?

முடியும், அளந்துவிட்டுச் செலவழிப்பதுதான் நல்லது. `iperf3` என்ற சின்னக் கருவி போதும். பிசியில் இதை ஓட விடுங்கள்:

```
iperf3 -s
```

ஒரு லேப்டாப்பை எடுத்துப் போய் டிவி இருக்கும் இடத்திலேயே, அதே உயரத்தில் வைத்து இதைக் கொடுங்கள். `192.168.1.10` என்பதற்குப் பதில் உங்கள் பிசியின் முகவரி:

```
iperf3 -c 192.168.1.10 -u -b 30M -t 60 -R
```

`-u` என்பது கேம் படம் போகும் அதே முறையில் அனுப்பச் சொல்வது, `-R` என்பது பிசியிலிருந்து லேப்டாப் பக்கம் அனுப்பச் சொல்வது. அதை விட்டுவிட்டால் எதிர்ப்பக்கம் அளந்துவிடும். ஒரு நிமிடம் ஓடி முடிந்ததும் கடைசியில் `Jitter` என்றும் `Lost/Total Datagrams` என்றும் இரண்டு கணக்கு வரும். முதலாவது பாக்கெட் வரும் நேரம் எவ்வளவு முன்பின் ஆடுகிறது என்பது, இரண்டாவது எத்தனை தொலைந்தன என்பது.

கூடத்தில் நான் எடுத்த கணக்கு: பிசியும் வைஃபையில் இருந்தபோது இழப்பு 3.1 சதவீதம், ஆட்டம் 7 மில்லிநொடி. பிசிக்குக் கேபிள் போட்ட பிறகு இழப்பு 0.4, ஆட்டம் 2. பழைய ரவுட்டர் ஒன்றைக் கூடத்திலேயே வைத்து, அதையும் கேபிளில் இணைத்து, டிவியை அதில் செருகியதும் இழப்பு சுத்தமாகப் பூஜ்யம், ஆட்டம் 0.2.

பகலில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். அக்ரகாரம் மாதிரிச் சுவரும் சுவரும் ஒட்டிய தெருவில் ராத்திரி ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் விழித்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். என் தெருவில் அந்த மூன்றிலும் கூட்டம்.

கேபிள் போட்டுட்டேன். ஆனாலும் பெருசா மாறலையே?

பவர்ஷெல்லைத் திறந்து இதைக் கொடுத்து, `LinkSpeed` என்ற பத்தியைப் பாருங்கள்:

```
Get-NetAdapter
```

`1 Gbps` என்று வர வேண்டும். `100 Mbps` என்று வந்தால் கேபிளிலோ முனையிலோ எட்டுக் கம்பியில் ஏதோ சேரவில்லை என்று சந்தேகப்படலாம். 100 நாலு கம்பியிலேயே ஓடிவிடும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 30 மெகாபிட் கேமுக்கு 100 போதும்தான், ஆனால் சரியாகச் சேராத கம்பி இருந்தால் இணைப்பு நடுநடுவே விட்டுப்போகும், அது வைஃபையைவிட மோசம். மலிவாக விற்கும் கேபிள்களில் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது நிறைய. கத்தியால் நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள்.

ஓட்டு வீட்டில் இன்னொரு தொல்லை எலி. பரண் வழியாக இழுத்த என் முதல் கேபிளை மூன்றே மாதத்தில் கடித்துவிட்டது. இப்போது பிவிசி குழாய்க்குள் விட்டிருக்கிறேன்.

டிவியின் கேபிள் துளை பல மாடல்களில் 100 மெகாபிட்தான், பயப்பட வேண்டாம். மூன்லைட் 1080-க்கு வழக்கமாக எடுத்துக்கொள்வது 20, 4கே-வுக்கு 80. எல்லாமே 100-க்குள்தான். 4கே-வை 100-க்கு மேல் ஏற்ற வேண்டும் என்றால்தான் நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தத் துளையை முந்தும்.

டிவியில மூன்லைட் திறந்தா பிசியே தெரியமாட்டேங்குது.

வீட்டில் இரண்டு ரவுட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபைபர்காரர் கொடுத்த பெட்டி ஒன்று, அதில் சிக்னல் எட்டவில்லை என்று நாமே வாங்கி மாட்டியது ஒன்று. இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுத்தால் வீட்டுக்குள் இரண்டு வலைப்பின்னல் ஆகிவிடும். பிசி `192.168.1.10` என்றும் டிவி `192.168.0.15` என்றும் காட்டினால் இதுதான் கதை. ஒன்றில் இருப்பதை மற்றொன்று கண்டுபிடிக்காது. இரண்டாவது பெட்டியின் அமைப்பில் `Access Point` என்ற நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். அது வெறும் வைஃபை பரப்பும் பெட்டியாகிவிடும், முகவரி கொடுக்கும் வேலையை முதல் பெட்டி மட்டும் பார்க்கும்.

ஒரே ரவுட்டர்தான் என்றால், டிவி விருந்தினர் வைஃபையில் மாட்டியிருக்கிறதா என்றும், விண்டோஸ் உங்கள் இணைப்பை `Public network` என்று குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். விருந்தினர் வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்பதே விதி. விண்டோஸில் `Private network` என்று மாற்றினால் ஃபயர்வால் வழிவிடும்.

திக்கல் இல்லை. ஆனா பட்டன் அமுக்கினா கொஞ்சம் லேட்டா நடக்கிற மாதிரி இருக்கு. நெட்வொர்க்தானே காரணம்?

பெரும்பாலும் இல்லை, டிவி. டிவிகள் படத்தை அழகாக்குகிறேன் என்று நாலைந்து படங்களை உள்ளே நிறுத்தி வைத்து மெருகேற்றும். சினிமாவுக்குச் சரி, கேமுக்கு அது விஷம்.

இதையும் அளக்கலாம். போன் கேமராவில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால், கையில் இருக்கும் கன்ட்ரோலரும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி வைத்து, குதிக்கும் பட்டனை அமுக்கிப் படம் பிடியுங்கள். விரல் அமுங்கிய படத்திலிருந்து திரையில் ஆள் அசையும் படம் வரை எண்ணுங்கள். ஒரு படம் என்பது 4.2 மில்லிநொடி. என் தங்கை பட்டனை அமுக்க, நான் படம் பிடித்து எண்ணினேன். டிவியில் 31 படம், அதாவது கிட்டத்தட்ட 130 மில்லிநொடி. டிவி அமைப்பில் கேம் மோடைப் போட்டுவிட்டுத் திரும்ப எண்ணினால் 17 படம், 71 மில்லிநொடி. மாடியில் பிசியின் சொந்த மானிட்டரில் அதே கேம் 11 படம், 46 மில்லிநொடி.

ஆக இந்தக் கேபிள், சுருக்கல், விரித்தல் எல்லாம் சேர்த்து எனக்குக் கூடியது 25 மில்லிநொடிதான். டிவி ஒன்று மட்டுமே 60 மில்லிநொடியை விழுங்கிக்கொண்டிருந்தது. எதையும் வாங்குவதற்கு முன் ரிமோட்டை எடுத்துக் கேம் மோடைத் தேடுங்கள்.

கன்ட்ரோலரும் ஒரு காரணமாக இருக்கலாம். புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது. சின்ன டிவி பெட்டிகள் சிலவற்றில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே ஆன்டெனா. டிவி 2.4 வைஃபையில் படம் வாங்கும்போது கன்ட்ரோலர் பேச்சு நடுவில் தடைபடும்: நடந்துகொண்டிருக்கும் ஆள் பட்டனை விட்ட பிறகும் ஓரிரு அடி நடப்பார். டிவியை 5-க்கோ கேபிளுக்கோ மாற்றினால் இது நின்றுவிடும்.

திண்ணையில உட்கார்ந்து ஸ்டீம் டெக்ல விளையாடணும். கூடத்துல நல்லா இருக்கு, அங்க போனா கெட்டுப்போகுது.

கையடக்கக் கருவிக்குக் கேபிள் போட முடியாது, அதனால் இங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் பழைய செங்கல் சுவரை அது தாண்டுவது சிரமம். ஒரு சுவர் தாங்கும், இரண்டாவதில் விழுந்துவிடும். அப்போது கருவி தானாகவே 2.4-க்குத் தாவும், தாவும் நேரத்தில் படம் நின்றுவிடும்.

டெக்கின் திரை 1280-க்கு 800. அதற்கு 1080 அனுப்புவது வீண். மூன்லைட்டில் அளவை 1280×800 என்று வையுங்கள், 10 மெகாபிட் போதும். சுருக்கும் முறையில் `HEVC` எடுங்கள், `H.264`-ஐவிடக் குறைந்த மெகாபிட்டில் அதே தெளிவு கிடைக்கும். 10 மெகாபிட் என்றால் ஒரு படத்துக்குப் பதினைந்து பாக்கெட்தான், தொலைவதற்கான வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைவு. இத்தனைக்குப் பிறகும் திக்கினால் விநாடிக்கு 60-ஐ 40 ஆக்கிப் பாருங்கள். நிதானமான கேமில் கண் சீக்கிரம் பழகிவிடும்.

எங்கள் வீட்டில் ரவுட்டர் ரேழியில் மரப் பீரோவுக்குப் பக்கத்தில் இருந்ததால் திண்ணையில் ஓரளவு கிடைத்தது. நண்பர் ஒருவர் வீட்டில் ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால். இரும்பு பீரோ என்பது வைஃபைக்குக் கதவு சாத்திய மாதிரி. பெட்டியை அங்கிருந்து எடுத்து, ரேழி நிலைக்கு மேல் ஆணியில் மாட்டிய உடனே அவருக்குத் திண்ணையில் 5 கிகாஹெர்ட்ஸ் நின்று பிடித்தது.

கொல்லையில தனியா ஒரு ரூம் கட்டியிருக்கோம். வீட்டுலேர்ந்து அங்க கேபிள் இழுத்துடலாமா?

தூரம் பிரச்சினை இல்லை, 100 மீட்டர் வரை தாங்கும். எனக்குப் பயம் இடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் எப்படி இடிக்கிறது என்று தெரியும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே திறந்தவெளியில் தொங்கும் செம்புக் கம்பி பக்கத்தில் விழும் இடியை உள்வாங்கிக்கொள்ளும். மின்னல் நேராக அதன் மேல் விழ வேண்டும் என்பதில்லை. ஒரு முனையில் ரவுட்டரும் மறுமுனையில் பிசியும் ஒரே நொடியில் போய்விடும்.

தனிக் கட்டடத்துக்கு ஃபைபர் இழுத்து, ஃபைபரைச் சாதாரணக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டரை இரு முனையிலும் வைப்பதுதான் சரியான வழி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. உள்ளே எஃகுக் கம்பி ஓடாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். அந்தச் செலவு வேண்டாம் என்றால் செம்புக் கேபிளை இழுத்துவிட்டு, வானம் இருண்டதும் இரண்டு முனையையும் கையால் பிடுங்கிவிடுங்கள்.

கரண்ட் போனா?

ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள், மாறும் நொடியில் அது அணைந்து எழாமல் இருக்க வேண்டும். ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன பேட்டரிப் பெட்டி இதற்குப் போதும். கேம் பிசியை வீட்டு இன்வெர்ட்டரில் போட்டு ஓட்டாதீர்கள், கேம் ஓடும்போது அது இழுக்கும் மின்சாரத்தில் மின்விசிறிக்கு மிச்சமிருக்காது. பிசிக்குத் தனி யூபிஎஸ், அதுவும் கேமைச் சேமித்துவிட்டு அணைக்கும் நேரத்துக்கு மட்டும்.

நெட் இல்லாத நாளில் மூன்லைட் ஓடினாலும் எல்லாக் கேமும் ஓடாது. திறக்கும்போதே இணையத்தில் அனுமதி கேட்கும் கேம்கள் உண்டு. புயல் எச்சரிக்கை வந்ததும் ஸ்டீமை ஒரு தடவை ஆஃப்லைன் நிலையில் திறந்து, எது ஓடுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கூடத்துல விளையாடுறப்ப தங்கச்சி மாடியில அதே பிசியில படிக்கலாமா?

முடியாது. டிவிக்கு வருவது அந்தப் பிசியின் திரையேதான், தனித் திரை இல்லை. தங்கை மவுஸை நகர்த்தினால் உங்கள் கேமில் நகரும். விண்டோஸ் சாதாரணமாக ஒரே நேரத்தில் ஒருவர் உட்காரும்படிதான் இருக்கிறது. மானிட்டரை அணைத்து வைத்தால் சில கார்டுகளில் படமே வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மானிட்டர் இருப்பதாகக் கார்டை நம்பவைக்கும் சின்ன எச்டிஎம்ஐ டம்மி முனை கடையில் கிடைக்கிறது, அதைச் செருகிவிட்டால் சரியாகிவிடும்.

எந்த கேமுக்கு இது சரிவரவே வராது?

எதிராளியோடு மில்லிநொடிக் கணக்கில் சுடும் ஆட்டங்களும், தாளத்துக்குப் பட்டன் தட்டும் ஆட்டங்களும். என் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கும்போதே 25 மில்லிநொடி கூடுகிறது, அதாவது ஒன்றரைப் படம். கால்பந்து, கார், கதை ஆட்டங்களில் அது கைக்குத் தெரியாது. சுடும் ஆட்டத்தில் மாடியில் ஜெயிக்கும் சண்டையைக் கூடத்தில் தோற்கிறேன், அதற்கு எந்தக் கேபிளும் உதவவில்லை. அந்த ஒரு கேமுக்கு மட்டும் இன்றும் மாடி ஏறுகிறேன்.

இருட்டான காட்சிகள் நிறைந்த ஆட்டங்களிலும் குறை தெரியும். சுருக்கும்போது முதலில் அடிபடுவது இருட்டுக்குள் இருக்கும் மெல்லிய வண்ண மாற்றங்கள்தான். ராத்திரி வானம் படிப்படியாகக் கோடு போட்ட மாதிரி வரும். மூன்லைட்டில் 20-லிருந்து 50 மெகாபிட்டுக்கு ஏற்றினால் குறையும், முழுதாகப் போகாது. டிவி கேபிளில் இருந்தால் ஏற்றலாம். வைஃபையில் இருந்தால் ஏற்றும் முன் `iperf3`-ல் `-b 50M` என்று கொடுத்து ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.